ஒரே படத்தில் முடிய வேண்டிய மார்பு எக்ஸ்ரே

மருத்துவமனைகளில் மிக அதிகமாக எடுக்கப்படும் எக்ஸ்ரேக்களில் மார்பு எக்ஸ்ரேயும் ஒன்று. நோயாளி எக்ஸ்ரே அறைக்குள் நுழைந்து வெளியே வர ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. ஆனாலும் "இன்னொரு படம் எடுக்கணும், அப்படியே நில்லுங்க" என்ற குரல் அங்கே அடிக்கடி கேட்கிறது. எந்திரம் பழுதாகி அப்படி நேர்வது குறைவு. நோயாளி நின்ற விதமோ, மூச்சைப் பிடித்த விதமோ, கழற்ற மறந்த ஏதோ ஒரு பொருளோதான் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

ஃபிலிம் புழங்கிய காலத்தில் நிலைமை வேறு. கதிரின் அளவு கூடினால் ஃபிலிம் கறுத்துப்போகும், குறைந்தால் வெளுத்துப்போகும். அதனால் மறுபடி எடுத்த படங்களில் பெரும்பங்கு எக்ஸ்போஷர் தவறால் வந்தது. டிஜிட்டல் டிடெக்டர் வந்தபின், கதிர் ஓரளவு கூடினாலும் குறைந்தாலும் கணினி வெளிச்சத்தைச் சரிசெய்து பார்க்கும்படியான படத்தைத் தந்துவிடுகிறது. ஆனால் நோயாளி திரும்பி நின்றதையோ, நுரையீரலின் அடிமூலை படத்துக்கு வெளியே போனதையோ எந்தக் கணினியாலும் சரிசெய்ய முடியாது. ஆகவே இன்று மறுபடத்துக்கு முதல் காரணம் நிறுத்தும் முறையில் ஏற்படும் பிழை. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் வழிகாட்டுதல், எடுத்த படங்களில் ஒதுக்கப்படுபவை 8 சதவீதத்துக்குள் இருப்பதை இலக்காக வைக்கிறது. 10 சதவீதத்தைத் தாண்டினால் காரணத்தைத் தேடச் சொல்கிறது.

ஒரு மார்பு எக்ஸ்ரேயில் உடலுக்குக் கிடைக்கும் கதிர் மிகச் சிறியது. நேர்ப்படம் ஒன்றுக்குச் சுமார் 0.02 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானிலிருந்தும் மனிதருக்கு இயற்கையாகவே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு மார்புப் படம் மூன்று நாள் இயற்கைக் கதிருக்குச் சமம். எனவே ஒரு மறுபடத்துக்காக நோயாளி அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இடுப்பு முதுகெலும்புப் படங்களுக்குப் பல மடங்கு கூடுதலான கதிர் தேவைப்படுகிறது. மார்புப் படத்தில் பழகிய கவனம்தான் அங்கேயும் உதவுகிறது. தவிர, பயனில்லாமல் போன படத்தின் கதிர் சிறிதானாலும் அதனால் நோயாளிக்கு எந்த நன்மையும் இல்லை. அதைத் தவிர்க்க இந்த ஒரு காரணமே போதும்.

வேலை நோயாளியை நிறுத்துவதற்கு முன்பே தொடங்குகிறது. பெயர், வயது, எந்த உறுப்பு, எதற்காக என்பவற்றை டெக்னீஷியன் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். கருத்தரிக்கும் வயதுப் பெண்ணானால் கருவுற்றிருக்க வாய்ப்புண்டா என்று கேட்கிறார். அடுத்து ஆடையும் அணிகலனும். சங்கிலி, தாலிக்கொடி, தாயத்துக் கயிறு, ஊக்கு, ரவிக்கைக் கொக்கி ஆகியவை உலோகம் என்பதால் வெள்ளை நிழலாக விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். தலைமுடியும் நிழல் தரும் என்பது பலருக்குத் தெரியாது. இறுக்கிப் பின்னிய கனமான சடை தோளின் மேல் கிடந்தால், நுரையீரலின் உச்சியில் மங்கலான வெண்மையாக விழுகிறது. காசநோய் பெரும்பாலும் முதலில் தலைகாட்டுவது அந்த உச்சியில்தான். சடையின் நிழலைப் புண்ணின் நிழல் என்று சந்தேகிக்க நேர்ந்தால் மறுபடம் தவிர்க்க முடியாததாகிவிடும். சடையை உச்சந்தலைக்கு மேல் தூக்கிக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. நெஞ்சில் ஒட்டிய வலிநிவாரணப் பட்டை, இ.சி.ஜி. எடுத்தபோது ஒட்டிவிட்டு எடுக்க மறந்த வில்லை ஆகியவையும் இதே தொல்லையைத் தருபவை.

நடக்க முடிந்தவருக்கு மார்பு எக்ஸ்ரே நின்ற நிலையில், நெஞ்சு டிடெக்டரைத் தொட, கதிர் முதுகுப் பக்கத்திலிருந்து வரும்படி எடுக்கப்படுகிறது. எக்ஸ்ரே அறைப் பேச்சில் இது 'பி.ஏ.' படம். இதயம் நெஞ்சின் முன்பக்கம் இருப்பதால், முன்பக்கம் டிடெக்டரோடு ஒட்டியிருந்தால் இதயத்தின் நிழல் அதிகம் பெருக்காது. குழாயை 180 செ.மீ. தொலைவில் வைப்பதும் இதற்காகத்தான். படுத்த நோயாளிக்கு வார்டிலேயே நடமாடும் எந்திரத்தால் 100 செ.மீ. தொலைவிலிருந்து முன்பக்கமாகக் கதிர் பாய்ச்சி எடுக்கும்போது, இயல்பான இதயமும் வீங்கினாற்போல் தெரியும். அதனால் அப்படி எடுத்த படத்தில் டெக்னீஷியன் எடுத்த முறையைக் குறித்துவைக்கிறார். அந்தக் குறிப்பு விடுபட்டால், மருத்துவர் இதயம் பெரிதாகிவிட்டதோ என்று ஐயப்பட்டு வேறொரு படம் கேட்க நேரும்.

நிறுத்தும் முறையில் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு காரணம் உண்டு. முகவாயை உயர்த்தி டிடெக்டரின் மேல் விளிம்பில் வைக்கச் சொல்வது, தாடையின் நிழல் நுரையீரல் உச்சியில் விழாமல் இருக்க. கைகளின் பின்புறத்தை இடுப்பில் ஊன்றியோ, ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்தோ தோள்களை முன்னே உருட்டச் சொல்வது, தோள்பட்டை எலும்புகள் நுரையீரலை விட்டு வெளியே விலக. தோள்களைத் தளர்த்தித் தாழ்த்தினால் காறை எலும்புகள் கீழே இறங்கி உச்சிப் பகுதி தெளிவாகும். நோயாளி பதற்றத்தில் தோளைத் தூக்கிக்கொள்வது வழக்கம். "தோளை லூசா விடுங்க அம்மா" என்ற ஒரு சொல்லுக்கு இந்த இடத்தில் பெரிய மதிப்பு உண்டு.

டிடெக்டரின் மேல் விளிம்பு தோளுக்கு மேல் சுமார் 5 செ.மீ. இருக்க வேண்டும். கதிரின் மையம், கழுத்தின் பின்புறம் துருத்தித் தெரியும் எலும்பிலிருந்து பெண்களுக்குச் சுமார் 18 செ.மீ., ஆண்களுக்குச் சுமார் 20 செ.மீ. கீழே விழ வேண்டும். டெக்னீஷியன் அந்த எலும்பை விரலால் தடவிக் கண்டுபிடித்து, விரித்த கையால் அளந்து மையத்தைக் குறிப்பது வழக்கம். மையம் மேலே போய்விட்டால் நுரையீரலின் அடிமூலைகள் வெட்டுப்படும். சிறிதளவு நீர் கோத்தால் அது முதலில் தேங்கித் தெரிவது அந்த மூலையில்தான் என்பதால், அது தெரியாத படத்தை மருத்துவர் ஏற்பதில்லை. 35-க்கு 43 செ.மீ. அளவுள்ள டிடெக்டரை அகன்ற மார்புடையவருக்கும் நெடுக்காக வைப்பது இன்னொரு தவறு. உயரம் குறைந்து உடல் பருத்தவருக்கு அதைக் குறுக்காகத் திருப்பினால்தான் இரண்டு பக்க மூலைகளும் அடங்கும்.

இதற்கெல்லாம் பிறகு மூச்சு. நுரையீரல் முழுவதும் காற்று நிறைந்தால்தான் உதரவிதானம் கீழே இறங்கி நுரையீரலின் அடிப்பகுதி வெளிப்படும். நன்றாக மூச்செடுத்த படத்தில் உதரவிதானத்துக்கு மேல் பின்பக்க விலா எலும்புகளை எண்ணினால் 10 தெரியும். ஏழெட்டு மட்டும் தெரிந்தால் மூச்சு போதவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட படத்தில் அடிப்பகுதி நெருங்கி வெளுத்து நிமோனியா போலத் தோன்றும், இதயம் படுத்து அகன்று தெரியும். நோயே இல்லாதவருக்கு நோய் இருப்பதாகக் காட்டக்கூடிய பிழை என்பதால் மூச்சில் டெக்னீஷியன் சமரசம் செய்துகொள்வதில்லை. ஒரு முறை மூச்சை இழுத்து விடச்சொல்லி, இரண்டாவது முறை இழுத்துப் பிடிக்கும்போது படமெடுப்பது பழைய, நல்ல வழக்கம். இரண்டாம் மூச்சு முதல் மூச்சைவிட ஆழமாக வரும். தேர்ந்த டெக்னீஷியன் உள்ளே போய் எந்திரத்தின் முன் நிற்பதற்கு முன்பே நோயாளியோடு இதை ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிடுகிறார். கண்ணாடிக்கு அப்பாலிருந்து கூவும் கட்டளையைக் காது மந்தமான முதியவர் சரியாகப் பின்பற்றுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

எக்ஸ்போஷரைத் தீர்மானிப்பவை இரண்டு அளவுகள். கே.வி. என்பது கதிரின் ஊடுருவும் வலிமை. எம்.ஏ.எஸ். என்பது கதிரின் எண்ணிக்கை. மின்னோட்டத்தையும் நேரத்தையும் பெருக்கி வருவது. கிரிட் உள்ள ஸ்டாண்டில் மார்புக்கு 110 முதல் 125 கே.வி. வரை வைப்பது வழக்கம். இவ்வளவு உயர்ந்த கே.வி. ஏன் என்றால், மார்பில் காற்று நிறைந்த நுரையீரலும் அடர்ந்த முதுகெலும்பும் இதயமும் அருகருகே இருக்கின்றன. கே.வி. குறைவாக இருந்தால் விலா எலும்புகள் வெள்ளைக் கம்பிகளாகத் துருத்திக்கொண்டு, அவற்றின் பின்னால் இருக்கும் நுரையீரலை மறைத்துவிடும். கே.வி. உயர்ந்தால் அந்த வேறுபாடு தணிந்து, இதயத்தின் பின்னால் உள்ள நுரையீரலும் முதுகெலும்பின் சாயலும் ஒரே படத்தில் தெரிகின்றன. கிரிட் என்பது உடலில் பட்டுச் சிதறும் கதிரைத் தடுக்கும் ஈயக்கீற்றுச் சல்லடை. அது இல்லாத சிறிய கிளினிக் எந்திரத்தில் இதே கே.வி. வைத்தால் சிதறல் கதிர் படத்தை மூடிவிடும் என்பதால், அங்கே கே.வி. கணிசமாகக் குறைக்கப்படும்.

எம்.ஏ.எஸ். விஷயத்தில் நேரம்தான் முக்கியம். 4 எம்.ஏ.எஸ். வேண்டுமானால் 100 எம்.ஏ. மின்னோட்டத்தை 0.04 வினாடி பாய்ச்சலாம், அல்லது 200 எம்.ஏ. மின்னோட்டத்தை 0.02 வினாடி பாய்ச்சலாம். கதிர் இரண்டிலும் ஒன்றே. ஆனால் மூச்சைப் பிடித்தாலும் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். நேரம் நீண்டால் இதயத்தின் விளிம்பும் அதையொட்டிய நுரையீரல் ரத்தக்குழாய்களும் கலங்கித் தெரியும். அதனால் எந்திரம் தாங்கும் அளவுக்கு மின்னோட்டத்தை உயர்த்தி நேரத்தைச் சுருக்குவதே முறை. ஐரோப்பிய ஆணையம் 1996-இல் வெளியிட்ட தர அளவுகோல்கள் மார்பு நேர்ப்படத்துக்கு 20 மில்லி வினாடிக்குக் குறைவான நேரத்தைப் பரிந்துரைக்கின்றன. மூச்சுத் திணறலோடு வரும் நோயாளிக்கும், பிடித்து வைத்தாலும் துள்ளும் குழந்தைக்கும் இந்தச் சுருக்கம்தான் மறுபடத்தைத் தவிர்க்கும் முதல் உபாயம். குழந்தைக்கு மெல்லிய மார்பு என்பதால் கிரிட்டும் தேவைப்படாது. ஈய அங்கி அணிந்த பெற்றோர் குழந்தையைப் பிடித்துக்கொள்ள, அது அழுகையின் நடுவே மூச்சை இழுக்கும் கணத்துக்காக டெக்னீஷியன் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருப்பார்.

இரண்டு அளவுகளையும் மாற்றிச் சமன்செய்ய ஒரு நடைமுறை விதி உண்டு. கே.வி.யை 15 சதவீதம் கூட்டினால் டிடெக்டரை வந்தடையும் கதிர் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதாவது 100 கே.வி.யை 115 ஆக்கினால் எம்.ஏ.எஸ்.ஸைப் பாதியாக்கலாம். எடைகூடிய ஒருவருக்கு எம்.ஏ.எஸ்.ஸை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதைவிட, கே.வி.யைச் சற்று உயர்த்தி நேரத்தைக் குறுகலாக வைத்துக்கொள்ள இந்த விதி வழிசெய்கிறது.

இப்போது பல எந்திரங்களில் கதிர் போதுமான அளவு வந்ததும் தானே நிறுத்திக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது. டிடெக்டருக்கு முன்னால் வலம், இடம், நடு என மூன்று உணரிகள் இருக்கும். மார்பு நேர்ப்படத்துக்கு இரண்டு நுரையீரல்களின் பின்னால் வரும் பக்க உணரிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முந்தைய நோயாளிக்கு வைத்த நடு உணரி அப்படியே கிடந்தால், முதுகெலும்பைத் தாண்டி வரும் சொற்பக் கதிருக்காக எந்திரம் காத்திருந்து, தேவைக்கு மேல் கதிரைப் பாய்ச்சிவிடும். இந்த அமைப்பை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளக்கூடாத இன்னொரு இடமும் உண்டு. ஒருவருக்கு வலது நெஞ்சு முழுவதும் நீர் கோத்திருந்தால் வலப்பக்க உணரிக்குக் கதிர் போய்ச் சேராது. இடது மார்பில் பேஸ்மேக்கர் இருந்தாலும் அதே கதை அந்தப் பக்கம். அத்தகைய நோயாளிக்கு நல்ல பக்கத்து உணரியை மட்டும் வைப்பதோ, அளவுகளைக் கையால் வைப்பதோதான் சரி. நோயாளியின் பழைய படமோ சீட்டில் மருத்துவர் எழுதிய ஒரு வரியோ இருந்தால்தான் இதை முன்கூட்டியே அறிய முடியும்.

டிஜிட்டல் முறை ஒரு வசதியோடு ஓர் ஆபத்தையும் கொண்டுவந்தது. கதிர் மிகக் குறைந்தால் படம் ரவை தூவினாற்போல் புள்ளிபுள்ளியாகத் தெரிந்து மருத்துவர் குறை சொல்வார். கதிர் கூடினாலோ படம் இன்னும் வழவழப்பாக, அழகாக வரும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆகவே திட்டு வாங்காமலிருக்க அளவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போகும் பழக்கம் எக்ஸ்ரே அறைகளில் வளர்ந்தது. மறுபடம் குறைந்ததாகத் தோன்றினாலும் எல்லா நோயாளிகளும் கூடுதல் கதிர் வாங்கினார்கள். இதைக் கண்டறிய, படம் வந்ததும் திரையில் ஒரு விலகல் எண் காட்டப்படுகிறது. திட்டமிட்ட அளவு கதிர் வந்திருந்தால் அது பூஜ்யம். +1 என்றால் கால் பங்கு கூடுதல், +3 என்றால் இரு மடங்கு, −3 என்றால் பாதி. இந்த எண்ணைப் பார்க்காமல் படத்தின் அழகை மட்டும் பார்த்து எக்ஸ்போஷர் சரி என்று முடிவுசெய்யும் டெக்னீஷியன் தன் வேலையில் பாதியை விட்டுவிடுகிறார் என்றே சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் ஒரே நோயாளியிடம் எப்படிச் சேர்கின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்காக அனுப்பப்பட்டிருக்கிறார். படம் திரைக்கு வந்ததும் டெக்னீஷியன் வரிசையாகப் பார்க்கிறார். பெயரும் வலது-இடது குறியும் சரி. இரண்டு உச்சிகளும் இரண்டு அடிமூலைகளும் படத்துக்குள் இருக்கின்றன. விலா எலும்புகள் 10. விலகல் எண் −1; புள்ளிகள் இல்லை. அடுத்து, காறை எலும்புகளின் உள்முனைகளைப் பார்க்கிறார். நேராக நின்றிருந்தால், முதுகெலும்பின் நடுவே தெரியும் முள்நீட்சியிலிருந்து இரண்டு முனைகளும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். இங்கே வலது முனை வெகுதூரம் தள்ளியும் இடது முனை முள்நீட்சியை ஏறக்குறைய ஒட்டியும் இருக்கின்றன. நேர்ப்படத்தில் எந்தப் பக்கத்து முனை தள்ளிப்போகிறதோ அந்தப் பக்கத்துத் தோள் டிடெக்டரை விட்டு விலகியிருக்கிறது என்று பொருள். அதாவது அந்த அம்மா வலது தோளைப் பின்னுக்கு எடுத்து நின்றிருக்கிறார்.

திரும்பி நின்ற படத்தில் ஒரு பக்க நுரையீரல் மற்றதைவிடக் கறுத்துத் தெரியும். நடுவே இருக்கும் இதயமும் ரத்தக்குழாய்களும் இடம்பெயர்ந்து, இல்லாத கட்டி இருப்பதுபோலவும் இருக்கும் கட்டி இல்லாததுபோலவும் காட்டும். காசநோயைத் தேடி அனுப்பப்பட்டவருக்கு இந்தப் படம் போதாது. மறுபடம் தேவைதான். ஆனால் எதை மாற்ற வேண்டும் என்பதுதான் கேள்வி. எக்ஸ்போஷர் சரியாக வந்திருக்கிறது; அதைத் தொட்டால் புதிய தவறு நேரலாம். உயரமும் மையமும் சரி. நிலை மட்டுமே திருத்தப்பட வேண்டியது. "நேரா நில்லுங்க" என்று மீண்டும் சொல்வதால் பயனில்லை. அவர் நேராக நிற்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார். டெக்னீஷியன் அருகே போய்க் கால்களைப் பார்க்கும்போது காரணம் தெரிகிறது. வலது முழங்கால் வலியால் அவர் எடை முழுவதையும் இடது காலில் போட்டு நிற்கிறார். முதுகுச் சாய்வில்லாத முக்காலி ஒன்றைப் போட்டு உட்காரவைத்து, இரண்டு கைகளாலும் ஸ்டாண்டை அணைத்துக்கொள்ளச் சொன்னதும் இரண்டு தோள்களும் டிடெக்டரில் படிகின்றன. உட்கார்ந்ததால் மாறிய உயரத்துக்கு ஏற்ப டிடெக்டரையும் மையத்தையும் இறக்கி, மூச்சை மறுபடி ஒத்திகை பார்த்து, அதே அளவுகளில் இரண்டாம் படம் எடுக்கப்படுகிறது. முதல் படத்துக்கு முன்பு "முட்டி வலிக்குதா அம்மா?" என்று கேட்டிருந்தால் அது தேவைப்பட்டிருக்காது.

குறையுள்ள எல்லாப் படங்களும் மறுபடம் கேட்பவை அல்ல என்பதும் இந்த வேலையின் ஒரு பகுதி. விலகல் எண் +3 என்று வந்து, படத்தில் எல்லா விவரமும் தெரிந்தால் அதை மறுபடி எடுப்பது தவறு. கூடுதல் கதிர் ஏற்கெனவே உடலுக்குள் போய்விட்டது. இன்னொரு படம் அதன்மேல் இன்னும் கொஞ்சம் சேர்க்கும், அவ்வளவுதான். செய்ய வேண்டியது, அடுத்த நோயாளிக்கு அளவைத் திருத்துவது. மூச்சுத் திணறலோடு இருக்கும் நோயாளி எட்டு விலாவுக்கு மேல் மூச்சிழுக்க முடியாதவரானால், இரண்டாம் முறையும் எட்டுதான் வரும். அந்தக் குறிப்போடு முதல் படத்தை அனுப்புவதே நியாயம். மருத்துவர் கேட்ட கேள்விக்குப் படம் பதில் சொல்கிறதா என்பதே அளவுகோல்; ஐயம் இருந்தால் ரேடியாலஜிஸ்ட்டிடம் படத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.

ஒழுங்காக நடக்கும் துறைகளில் ஒதுக்கிய ஒவ்வொரு படத்துக்கும் காரணம் பதிவாகிறது: நிலை, மூச்சு, வெட்டுப்பட்டது, அசைவு, அணிகலன், கதிர் அளவு. மாத முடிவில் இவற்றைக் கூட்டிப் பார்த்தால் எங்கே ஓட்டை என்று தெரியும். அசைவு அதிகமென்றால் நேரம் நீளமாக வைக்கப்படுகிறது. அணிகலன் அதிகமென்றால் உடைமாற்றும் அறையில் யாரும் கவனிப்பதில்லை. ஒதுக்கல் விகிதம் ஒன்றிரண்டு சதவீதம் மட்டுமே இருந்தால் மகிழ்ச்சியடையவும் கூடாது. மறுபடி எடுக்க வேண்டிய மோசமான படங்களும் அப்படியே மருத்துவரிடம் போய்க்கொண்டிருக்கலாம். ஒதுக்கிய படங்களைப் பதியாமல் அழிக்கும் பழக்கமும் இதற்குக் காரணமாக இருக்கலாம்.

எக்ஸ்ரேவுக்குப் போகிறவர்கள் பழைய படங்களைக் கையோடு கொண்டுபோவது நல்லது. அவை மருத்துவருக்கு மட்டுமின்றி டெக்னீஷியனுக்கும் வழிகாட்டும். சடையை மேலே தூக்கிக் கட்டிக்கொள்ளலாம். முழங்கால் வலி, தலைச்சுற்றல், காது மந்தம், கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம், நெஞ்சில் பொருத்திய கருவி எதுவாக இருந்தாலும், கேட்கும்வரை காத்திராமல் படம் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.